வேலையிலேயே தீர்ந்துபோகும் பொறுமை... வீட்டில் துணைக்கு மிச்சம் என்ன? 'பர்ன்அவுட்' கணவன் - மனைவி உறவை எப்படிப் பாதிக்கிறது?

"வெளியில எல்லார்கிட்டயும் சிரிச்சு சிரிச்சுப் பேசுற. எங்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை பேச உனக்கு வரல."

"நாள் பூரா பேசிட்டுத்தான் வர்றேன். வீட்லயாவது கொஞ்சம் சும்மா விடுங்களேன்."

இதில் யார் சொல்வது சரி? இரண்டு பேர் சொல்வதுமே சரிதான். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒருவருக்கு வேலையிலேயே எல்லாம் தீர்ந்துவிடுகிறது. இன்னொருவர் அதை, 'என் மேல அக்கறை இல்லை' என்று புரிந்துகொள்கிறார். சண்டை வந்தாலும் வராவிட்டாலும், சில மாதங்களில் இருவரும் ஒரே வீட்டில் தனித்தனியாக வாழும் நிலை வந்துவிடுகிறது.

வேலைப் பளுவால் வரும் 'பர்ன்அவுட்' எப்படி வீட்டுக்குள் நுழைகிறது? முதலில் அடி வாங்குவது ஏன் துணையாக இருக்கிறார்? இது வெறும் களைப்பா, மனச்சோர்வா, உறவிலேயே விரிசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விரிவாகப் பார்ப்போம்.

பர்ன்அவுட் என்றால் என்ன?

1974-ல் அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் இந்த வார்த்தையை ஆய்வுக் கட்டுரை ஒன்றில் பயன்படுத்தினார். நியூயார்க்கில் இலவச கிளினிக் ஒன்றில் வேலை பார்த்தவர்களை அவர் கவனித்தார். ஆர்வத்தோடு வந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து தீர்ந்தவர்களைப் போல ஆனார்கள். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் இதை அளப்பதற்கான கேள்வித்தாளை உருவாக்கினார். இன்றும் உலகம் முழுக்க அது பயன்பாட்டில் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன்னுடைய நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் பர்ன்அவுட்டுக்கு விளக்கம் கொடுத்தது. அதை ஒரு நோய் என்று அது சொல்லவில்லை. சமாளிக்கப்படாமல் நீண்ட நாள் தொடரும் பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் சொல்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு. ஒன்று, தெம்பு முழுக்க வற்றிப்போவது. இரண்டு, வேலையில் இருந்து மனசு விலகி, எல்லாவற்றையும் வெறுப்போடு பார்ப்பது. மூன்று, 'நான் செய்றது எதுவும் உருப்படியா இல்ல' என்ற எண்ணம்.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த வார்த்தையை வேலை தொடர்பாக மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது, பர்ன்அவுட் உருவாகும் இடம் வேலை. ஆனால் அதன் பலன் தெரியும் இடம் பெரும்பாலும் வீடு.

நேரம் இருக்கு... தெம்பு இல்ல!

வேலைக்கும் குடும்பத்துக்கும் நடக்கும் மோதலைப் பற்றி 1985-ல் கிரீன்ஹாஸ், பியூட்டெல் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் முக்கியமானது. அவர்கள் இந்த மோதலை மூன்றாகப் பிரித்தார்கள்.

முதல் வகை, நேரம் போதாமல் வருவது. வேலை முடியவே இரவு 11 மணி ஆகிவிட்டால் வீட்டுக்கு எங்கே நேரம்? இரண்டாவது, வேலையின் இறுக்கம் மனதிலேயே தங்கி வீடு வரைக்கும் வருவது. மூன்றாவது, வேலையில் தேவைப்படும் நடத்தை வீட்டுக்குப் பொருந்தாமல் போவது. ஸ்டேஷனில் அதட்டியே பழகிய குரல் வீட்டில் பிள்ளைகளிடமும் அப்படியே வருவது இந்த வகை.

நாம் பெரும்பாலும் முதல் வகையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறோம். 'ஃபேமிலிக்கு டைம் ஒதுக்குங்க' என்ற அறிவுரை அதற்கானது. பர்ன்அவுட் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. இதில் ஆள் வீட்டில் இருப்பார், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஆனால் கொடுக்க அவரிடம் எதுவும் இருக்காது. அதனால்தான் நேரம் ஒதுக்கினாலும் பிரச்னை தீர மாட்டேன் என்கிறது.

ஒரு வீட்டின் கணக்கு

இது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். இது விளக்கத்துக்காகச் சொல்லப்படும் கற்பனை உதாரணம்தான்.

கோவையில் ஒரு தம்பதி. மனைவி தனியார் மருத்துவமனை ஒன்றின் ஐசியூ-வில் ஸ்டாஃப் நர்ஸ். கணவர் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. கணவரின் அம்மாவும் கூடவே இருக்கிறார்.

மனைவிக்கு டூட்டி காலை 7 மணியில் இருந்து இரவு 7 மணி வரை. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளி ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. ஆனால் அங்கே ஆள் பற்றாக்குறை. அவர் பொறுப்பில் வென்டிலேட்டர் நோயாளிகள் இரண்டு பேர், கூடவே இன்னொருவர். அடுத்த ஷிஃப்ட்டுக்கு வருபவரிடம் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் சொல்லி ஒப்படைக்க 7.40 ஆகிவிடும். பஸ் பிடித்து வீட்டுக்கு வரும்போது 8.30. தூங்கப் போவது 10.30. ஆக, வீட்டில் இரண்டு மணி நேரம் இருக்கிறது. நேரமே இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்த 12 மணி நேரத்தில் மூன்று விஷயங்கள் செலவாகிவிட்டன.

முதலாவது கவனம். எந்த மெஷின் எப்போது சத்தம் போடும் என்று காது நாள் முழுக்க விழித்தே இருக்கிறது. இரண்டாவது முகம். பார்வையாளர் நேரத்தில் வரும் உறவினர்கள், "சிஸ்டர், கண்ணு முழிச்சிடுவார்ல?" என்று கேட்பார்கள். டாக்டர் சொல்ல வேண்டிய பதில் அது. நர்ஸ் சொல்லக் கூடாது, ஆனால் முகத்திலும் எதையும் காட்டக் கூடாது. மூன்றாவது விழுங்கிய கோபம். யாரோ ஒருவர், "இவ்ளோ பணம் கட்டுறோம், கூப்பிட்டா வரமாட்டீங்களா?" என்று கத்தியிருப்பார். திருப்பிப் பேச முடியாது.

சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷில்ட் இதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயர் வைத்தார். 1983-ல் வெளியான தன் புத்தகத்தில் விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் பற்றி அவர் எழுதினார். மனசுக்குள் ஒன்று இருக்க, முகத்தில் வேறொன்றைக் காட்டுவதும் சம்பளம் வாங்கும் வேலையின் ஒரு பகுதிதான் என்பது அவர் வாதம். நர்ஸ், ஆசிரியர், கஸ்டமர் கேர் ஊழியர், வங்கி கவுன்ட்டரில் இருப்பவர், போலீஸ்காரர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

இப்போது மணி 8.45. கணவர் கேட்கிறார்: "ஹவுஸ் ஓனர் வாடகைய ஏத்துறேங்கிறார். என்ன பண்ணலாம்?"

ரொம்ப நியாயமான கேள்வி. ஆனால் இதற்குப் பதில் சொல்ல என்ன தேவை? கவனமாகக் கேட்க வேண்டும். கணவரின் கவலையைப் புரிந்துகொண்டதை முகத்தில் காட்ட வேண்டும். யோசித்து முடிவு சொல்ல வேண்டும். நாள் முழுக்க செலவான அதே சரக்குதான் இங்கேயும் தேவைப்படுகிறது.

"ம்... பாருங்க."

"பாருங்கன்னா?"

"எல்லாத்தையும் நானே சொல்லணுமா?"

பேச்சு அங்கேயே முடிந்தது.

அடி ஏன் துணைக்கு மட்டும் விழுகிறது?

"நோயாளிகிட்ட மட்டும் பொறுமை வருது, எங்கிட்ட ஏன் வரல?" என்று கணவர் கேட்டால், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

நோயாளியிடமோ மேலதிகாரியிடமோ எரிந்து விழுந்தால் உடனே விளைவு உண்டு. புகார் வரும், மெமோ வரும். வீட்டில் அப்படி உடனடி விளைவு எதுவும் இல்லை. 'இவர் புரிஞ்சுக்குவார்' என்ற நம்பிக்கையிலேயே கட்டுப்பாடு தளர்கிறது. துணையைவிட நோயாளி முக்கியம் என்பதால் இல்லை. துணையிடம் நடிக்கத் தேவையில்லை என்பதால்தான் காலியான முகம் அவருக்குக் காட்டப்படுகிறது. அதைப் பார்ப்பவருக்கு அது பாசமாகத் தெரியாது என்பதுதான் கஷ்டம்.

குழந்தைக்கு இந்த அளவுக்குப் பாதிப்பு தெரியாமல் இருக்கலாம். குளிக்க வைப்பது, சாப்பாடு கொடுப்பது எல்லாம் பழக்கத்திலேயே நடந்துவிடும். துணைக்குக் கொடுக்க வேண்டியது அப்படிப் பழக்கத்தில் வருவதில்லை. பேச்சு, சிரிப்பு, தொடுதல் எல்லாவற்றுக்கும் மனசு அங்கே இருக்க வேண்டும். அதனால்தான் முதலில் காணாமல் போவதும் அதுதான். தாம்பத்திய நெருக்கம் குறைவதும் பல வீடுகளில் இந்த வரிசையில்தான் நடக்கிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

1982-ல் சூசன் ஜாக்சனும் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் அமெரிக்காவில் போலீஸ்காரர்களையும் அவர்களின் மனைவிகளையும் தனித்தனியாகக் கேள்வி கேட்டு ஓர் ஆய்வு செய்தார்கள். 142 தம்பதிகள் அதில் இருந்தார்கள். வேலை அழுத்தம் அதிகம் உள்ள போலீஸ்காரர்கள் வீட்டில் கோபத்தை அதிகம் காட்டினார்கள். லீவு நேரத்தையும் குடும்பத்தை விட்டு விலகியே கழித்தார்கள். குடும்ப விஷயங்களில் ஒட்டாமல் இருந்தார்கள். மண வாழ்க்கையிலும் திருப்தி குறைவாக இருந்தது.

1989-ல் ரெனா ரெப்பட்டி என்ற உளவியலாளர் இன்னும் நுட்பமாகப் பார்த்தார். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கும் ஆண்களிடமும் அவர்கள் மனைவிகளிடமும், அடுத்தடுத்து மூன்று நாட்கள் தினமும் கேள்வித்தாள் கொடுத்தார். வேலை அதிகமாக இருந்த நாட்களில் அவர்கள் வீட்டில் அதிகம் ஒதுங்கினார்கள். மனைவி அந்த ஒதுக்கத்துக்கு இடம் கொடுத்து ஆதரவாக இருந்த வீடுகளில் ஒதுங்குவது இன்னும் அதிகமாக இருந்தது. ஆனால் கோபம் குறைவாக இருந்தது.

இதில் இருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கஷ்டமான ஒரு நாளுக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒதுங்குவது தப்பில்லை. அது உடம்பும் மனசும் தேடும் ஓய்வு. ஒருநாள், இரண்டு நாள் என்றால் அது உறவைக் காப்பாற்றுகிறது. ஆனால் வேலையில் எல்லா நாளுமே கஷ்டமான நாளாக இருந்தால், ஒதுங்குவதும் தினசரி ஆகிவிடும். அப்போது அதே ஒதுக்கம் உறவைத் தேய்க்க ஆரம்பிக்கிறது.

எட்டு மாதத்தில் என்ன நடக்கும்?

மறுபடியும் அந்த கோவை வீட்டுக்கு வருவோம்.

முதல் மாதம்: மனைவியின் பதில்கள் சுருங்குகின்றன. 'ம்', 'சரி', 'அப்புறம்' என்ற வார்த்தைகள் அதிகமாகின்றன. கணவர் விடாமல் கேட்கிறார். கேட்கக் கேட்க அவர் இன்னும் ஒதுங்குகிறார். அவர் ஒதுங்க ஒதுங்க இவர் குரல் உயர்கிறது.

மூன்றாவது மாதம்: கணவர் கேட்பதைக் குறைக்கிறார். 'சொன்னா மட்டும் என்ன ஆகப்போகுது' என்று கடையிலேயே ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்துவிட்டு வருகிறார். சண்டை குறைகிறது. மனைவிக்கு அது நிம்மதியாகவே இருக்கிறது.

எட்டாவது மாதம்: கடையில் வாடிக்கையாளரின் விலை உயர்ந்த போன் ஒன்று பாழாகி, கணவர் கைக்காசு போட்டுக் கொடுத்திருக்கிறார். இந்த விஷயம் மனைவிக்கு மாமியார் சொல்லித்தான் தெரிகிறது. "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்கிறார். "உனக்கு இருக்கிற டென்ஷன்ல..." என்று ஆரம்பித்து நிறுத்துகிறார் கணவர்.

இந்த வரிசையில் மிக ஆபத்தான கட்டம் எது? முதல் மாதத்துச் சண்டை இல்லை. மூன்றாவது மாதத்து அமைதி. சண்டை போடுபவர் இன்னும் எதையோ எதிர்பார்க்கிறார். அமைதியானவர் எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டார். 'இப்பல்லாம் எங்களுக்குள்ள சண்டையே வர்றதில்ல' என்று நீங்கள் நினைத்தால், அது எப்படி நின்றது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். பிரச்னை தீர்ந்ததால் நின்றதா, பேச்சு நின்றதால் நின்றதா?

இன்னொன்றும் நடக்கிறது. ஒருவருடைய பர்ன்அவுட் துணைக்கும் தொற்றும் என்று தம்பதிகளை வைத்து நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆர்னால்ட் பாக்கர், மினா வெஸ்ட்மன் போன்றவர்கள் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். வீட்டுச் சுமை, குழந்தை, பெரியவர்கள் என்று ஒருவர் விட்டதை எல்லாம் இன்னொருவர் தூக்குகிறார். கொஞ்ச நாளில் அவரும் காலியாகிறார்.

இந்தியாவில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2019-ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு சராசரியாக 299 நிமிடங்கள் அதற்காகச் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடங்கள்தான். அதனால் காலியாகி வீட்டுக்கு வருவது ஆண் என்றால் அவருக்கு ஒதுங்க ஒரு சோபா கிடைக்கிறது. பெண் என்றால் பெரும்பாலும் அடுப்படிதான் காத்திருக்கிறது.

இது பர்ன்அவுட்டா, வேறு எதாவதா?

வெளியில் பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் சிகிச்சை வேறு வேறு. அதனால் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பர்ன்அவுட் வேலையோடு ஒட்டியது. நான்கைந்து நாள் வேலையை மறந்து இருக்க முடிந்தால், பழைய சிரிப்பு கொஞ்சமாவது எட்டிப் பார்க்கும். வேலைக்குத் திரும்பும் முந்தைய நாள் சாயங்காலமே மறுபடி முகம் இறுகும்.

மனச்சோர்வு நோய் அப்படி இல்லை. லீவு, கல்யாண வீடு, பிடித்த சாப்பாடு, பிள்ளையின் சிரிப்பு என்று எதிலுமே நாட்டம் இருக்காது. தூக்கமும் பசியும் மாறும். 'நான் எதுக்கும் லாயக்கில்ல' என்ற எண்ணம் வேலையைத் தாண்டி எல்லாவற்றுக்கும் பரவும். இந்த நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். கவனிக்கப்படாத பர்ன்அவுட்டோடு சேர்ந்தே மனச்சோர்வும் வரலாம்.

உடம்புப் பிரச்னையும் இதே வேஷத்தில் வரும். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு இரண்டிலும் தீராத அசதி இருக்கும். குறிப்பாகப் பெண்களுக்கு, 'வேலை டென்ஷன்' என்று முடிவு கட்டும் முன் ஹீமோகுளோபின், தைராய்டு பரிசோதனைகள் செய்துகொள்வது நல்லது.

உறவிலேயே விரிசல் என்றால் அடையாளம் வேறு. நண்பர்களோடும் பிள்ளைகளோடும் உற்சாகமாக இருப்பார். லீவு நாளிலும் அப்படித்தான். துணையோடு தனியாக இருக்கும்போது மட்டும் இறுக்கம் வரும். வீட்டுப் பிரச்னையே வேலையைக் கெடுப்பதும் உண்டு. எது முதலில் ஆரம்பித்தது என்று யோசித்தால் திசை புரியும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அடிப்பது, மிரட்டுவது, கேவலமாகப் பேசுவது ஆகியவற்றுக்குப் பர்ன்அவுட் காரணம் ஆகாது. அது குடும்ப வன்முறை. பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

ஒரு டூர் போய் வந்தால் சரியாகிவிடுமா?

'ரெண்டு நாள் ஊட்டி போய்ட்டு வாங்க, எல்லாம் சரியாயிடும்' என்பது நம் ஊரில் வழக்கமான வைத்தியம். வெஸ்ட்மன், ஈடன் என்ற ஆய்வாளர்கள் 1997-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். விடுமுறையில் பர்ன்அவுட் அளவு உண்மையிலேயே குறைந்தது. ஆனால் வேலைக்குத் திரும்பிய மூன்றாவது நாளே மறுபடி ஏற ஆரம்பித்து, மூன்றே வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

அதனால் வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் பெரிய ஓய்வைவிட தினமும் கிடைக்கும் சின்ன ஓய்வு முக்கியம். வேலைக்குப் பிறகு மனசு எப்படி மீள்கிறது என்பதைப் பல ஆண்டுகளாக ஆராயும் ஜெர்மன் உளவியலாளர் சபீனே சோனன்டாக் நான்கு விஷயங்களைச் சொல்கிறார்: வேலையில் இருந்து மனசை விலக்குவது, தளர்வாக இருப்பது, பிடித்த ஒன்றைக் கற்பது அல்லது செய்வது, அந்த நேரத்தை எப்படிச் செலவிடுவது என்று தானே முடிவு செய்வது. இதில் முதலாவதுதான் அடிப்படை. உடம்பு வீட்டில் இருந்தும் மனசு வார்டிலேயே இருந்தால் ஓய்வு ஆரம்பமே ஆகவில்லை என்று அர்த்தம்.

போனைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பது ஓய்வு மாதிரித் தோன்றும். ஆனால் ரீல்ஸ் ஓடும் அதே போனில்தான் வேலை வாட்ஸ்அப் குரூப்பும் இருக்கிறது. "அந்த சார்ட்ல கையெழுத்து போட்டீங்களா சிஸ்டர்?" என்ற ஒரு மெசேஜ் போதும், மனசு மறுபடி டூட்டிக்குப் போய்விடும்.

அந்த வீட்டில் என்ன மாற்றலாம்?

நமது உதாரணத் தம்பதி செய்யக்கூடிய மாற்றங்கள் ரொம்பப் பெரியவை அல்ல. ஆனால் இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டியவை. அதுவும் இரவு 8.45-க்கு அல்ல, ஒரு லீவு நாள் காலையில்.

1. ஒதுங்கலாம், ஆனால் திரும்பி வரும் நேரத்தைச் சொல்ல வேண்டும். வந்ததும் குளித்துவிட்டு 20 நிமிடம் மொட்டை மாடியில் தனியாக இருக்கிறார் மனைவி. "9 மணிக்கு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார், சொன்னபடியே வருகிறார். எப்போது வருவார் என்று தெரியாத மௌனம்தான் கணவரை வாட்டியது. நேரம் தெரிந்துவிட்டால் அது காத்திருப்பு மட்டும்தான். அந்த 20 நிமிடம் குழந்தையும் அடுப்படியும் கணவர் பொறுப்பு.

2. மிச்சம் எவ்வளவு என்று சொல்லிவிட வேண்டும். "இன்னிக்கு பத்துக்கு ரெண்டுதான் இருக்கு" என்று ஒரே வரி. கணவர் முகத்தைப் பார்த்து அர்த்தம் தேட வேண்டியதில்லை. 'எம்மேல கோபமா?' என்ற சந்தேகமும் வராது. கணவரும் தன் எண்ணைச் சொல்ல வேண்டும். இருவருக்குமே இரண்டு என்றால், அன்றைக்குக் கடையில் தோசை வாங்கிச் சாப்பிட்டுத் தூங்குவதே சரியான முடிவு.

3. முடிவு எடுக்க வேண்டிய பேச்சுகளுக்குத் தனி நேரம். வாடகை, ஸ்கூல் ஃபீஸ், சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எல்லாம் காலண்டர் பக்கத்தில் எழுதப்படுகின்றன. வார லீவு அன்று காலையில் பேசப்படுகின்றன. அவசரமானது மட்டும் அன்றைக்கே.

4. தினமும் பத்து நிமிடம் கணவருக்கு. இதில் யோசனை சொல்லத் தேவையில்லை, தீர்வு தேவையில்லை. போன் கையில் இல்லாமல் கேட்டால் மட்டும் போதும். காலியாக இருப்பவராலும் முடிகிற அளவு இது. கணவருக்கும் பெரும்பாலும் இதுதான் தேவை. இந்தப் பத்து நிமிடம் மட்டும் தொடர்ந்து நடந்திருந்தால், அந்த போன் விவகாரம் மாமியார் மூலம் தெரியவந்திருக்காது.

5. வேலைப் புலம்பலுக்கும் ஓர் அளவு. மனசில் உள்ளதைக் கொட்டுவது நல்லதுதான். ஆனால் ஒரு மணி நேரம் அதையே திரும்பத் திரும்பப் பேசினால், மனசு வேலையை விட்டு விலகாது. கேட்பவரும் சோர்ந்துபோவார்.

6. குரூப் மியூட். வீட்டுக்கு வந்த நேரம் முதல் காலை வரை வார்டு குரூப் மியூட். உண்மையிலேயே அவசரம் என்றால் நேராக போன் செய்யும்படி ஒரே ஒரு சக ஊழியரிடம் சொல்லி வைக்கலாம்.

வீட்டில் மட்டும் சரிசெய்ய முடியுமா?

முடியாது. இதைச் சொல்லாமல் விட்டால் மொத்தப் பழியும் தம்பதியின் தலையில் விழும். மேலே சொன்னவை எல்லாம் பாதிப்பைக் குறைக்கும். ஆனால் ஒரு நர்ஸுக்கு மூன்று நோயாளிகள் என்ற கணக்கு மாறாதவரை, பத்துக்கு ரெண்டு என்பது பத்துக்கு நாலு ஆகலாம். எட்டு ஆகாது.

வேலையிடத்தில் கேட்கக்கூடியவற்றில் முதலாவது, இரண்டு ஷிஃப்ட்டுகளுக்கு இடையே போதுமான இடைவெளி. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி தினமும் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு தர வேண்டும். இரவு 9 மணிக்கு முடித்தவரை காலை 7 மணிக்கு வரச் சொன்னால் 10 மணி நேரம்தான் கிடைக்கும். பஸ் பயணத்தைக் கழித்தால் தூக்கத்துக்கே போதாது. 'என்னால முடியல' என்று பொதுவாகச் சொல்வதைவிட, 'இந்த மாசம் ஆறு தடவை இப்படி ஷிஃப்ட் வந்திருக்கு' என்று தேதியோடு எழுதிக் கொடுத்தால் மேற்பார்வையாளர் தட்டிக் கழிப்பது கடினம்.

வேலை நேரத்துக்குப் பிறகு அழைப்புகளைத் தவிர்க்கும் உரிமை பிரான்ஸில் 2017 முதல் சட்டத்தில் இருக்கிறது. இந்தியாவில் 2018-ல் மக்களவையில் தனிநபர் மசோதாவாக இது கொண்டுவரப்பட்டது, சட்டமாகவில்லை. தமிழ்நாட்டில் 2021-ல் டிஜிபியாக இருந்த சைலேந்திர பாபு, காவலர்களுக்கு வார விடுப்பும், பிறந்தநாள், திருமண நாளில் விடுப்பும் வழங்கச் சொல்லி சுற்றறிக்கை அனுப்பினார். திருமண நாளுக்கு லீவு வேண்டும் என்று ஒரு துறையின் தலைமையே எழுதுகிறது என்றால், வேலை எந்த அளவுக்கு வீட்டுக்குள் போயிருக்கிறது என்பது புரியும்.

எப்போது உதவி தேட வேண்டும்?

மேலே சொன்ன மாற்றங்களை நான்கைந்து வாரம் செய்தும் பேச்சு திரும்பவில்லை என்றால், தம்பதியாக ஓர் ஆலோசகரைப் பார்க்கலாம். 'யார் மேல தப்பு' என்று கேட்கப் போவதாக நினைத்தால் துணை வர மறுப்பார். 'வேலையால நாம இப்படி ஆயிட்டோம், ரெண்டு பேரும் போவோம்' என்று அழைத்தால் வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

தூக்கம் வர மது அல்லது மாத்திரை தேவைப்படுவது, வேலைக்குக் கிளம்பும்போதே நெஞ்சு படபடப்பது, எதிலும் நாட்டம் இல்லாமல் இரண்டு வாரம் தாண்டுவது ஆகியவை மருத்துவரைப் பார்ப்பதற்கான அறிகுறிகள். மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் இதற்குச் சிகிச்சை உண்டு.

'இருந்து என்ன பிரயோஜனம்' என்ற எண்ணம் உங்களுக்கோ உங்கள் துணைக்கோ வந்தால் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். பாதிக்கப்பட்டவர்தான் அழைக்க வேண்டும் என்றும் இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் துணையும் அழைக்கலாம்.